பத்தாம் ஆண்டுப் பிள்ளையளுக்குப் போட்டுவாறன் சொல்ல

எல்லாரும் இருங்கோ பிள்ளையள். கொப்பியளை மூடி வையுங்கோ, இண்டைக்குக் கணக்குச் செய்யேல்லை.

உங்கட ரீச்சர் பிள்ளைப்பேற்று லீவு முடிஞ்சு திங்கட்கிழமை வாறா. நான் பின்னேர பஸ்ஸோட யாழ்ப்பாணம் போறன். நிகழ்தகவு பாதியில நிக்குது, எந்தப் பக்கத்தில விட்டதெண்டு எழுதி இடாப்புக்குள்ள வச்சிருக்கிறன். அவ அதில இருந்து தொடங்குவா.

நான் வந்த முதல் கிழமை ஞாபகம் இருக்கோ? "விளங்கிச்சோ?" எண்டு கேட்டால் எல்லாரும் சேர்ந்து "ஓம் ரீச்சர்". கொப்பியைத் திறந்தால் அழிறப்பரால தேய்ச்சுத் தேய்ச்சுத் தாள் ஓட்டையாக் கிடக்கும். பிழைச்ச வரி ஒண்டும் என்ர கண்ணில படக்கூடாதெண்டு அப்பிடி ஒரு பயம். எனக்கு அது பெரிய கவலையா இருந்தது. பிழைச்ச இடம் தெரியாமல் நான் எதைச் சொல்லித் தாறது?

அதாலதான் புரட்டாசியில, உழவு தொடங்க முதல், உங்களை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனனான். வாய்க்காலுக்குக் கீழ இருக்கிற அந்தக் கோணல் வயல். சதுரமும் இல்லை, செவ்வகமும் இல்லை. மூலைக்கு மூலை கயிறு பிடிச்சு ரெண்டு முக்கோணமாப் பிரிச்சம். நடுக்கோடு 80 மீற்றர். ஒரு பக்க உயரம் 30, மற்றப் பக்கம் 25. வெயிலுக்க நிண்டு கணக்குப் போட்டு 4400 சதுர மீற்றர் எண்டு கரும்பலகையில எழுதுற மாதிரிப் பெரிசா எழுதினீங்கள். ஒரு ஏக்கர் 4047, அப்ப இந்த வயல் ஒரு ஏக்கருக்கும் மேல எண்டு முடிவு கட்டியாச்சு.

அப்பதான் கடைசி வாங்கில இருக்கிற, ஒரு நாளும் வாய் திறக்காத தம்பி, "இது ஒரு ஏக்கர் வராது ரீச்சர்" எண்டார். ஏனெண்டு கேட்டன். "ஏக்கருக்கு ரெண்டு புசல் விதைநெல் வேணும். அப்பா இதுக்கு ஒரு புசல்தான் விதைக்கிறவர்."

திரும்பிப் பாத்தால் முக்கோணத்தின்ர பரப்புக்குப் பாதியாக்க எல்லாரும் மறந்திட்டீங்கள். சரியான விடை 2200. அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. நான் பரப்புக் கணக்கில வளர்ந்தனான், பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் எண்டது எனக்கு மனப்பாடம். ஆனா விதைநெல்லை வச்சு ஒரு விடையைச் சரிபாக்கலாம் எண்டு எனக்கு அந்தத் தம்பிதான் காட்டினவர். அதை இனி எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் சொல்லிக் குடுப்பன்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு ரெண்டு நாளா யோசிச்சனான். வயலில, குளக்கட்டில, வீட்டில தெரிஞ்சதை வகுப்பு வாசலில செருப்போட கழட்டி வச்சிட்டு வராதேங்கோ. விடை வந்த உடன, இது நடக்கக்கூடியதோ எண்டு அந்த அறிவிட்டக் கேளுங்கோ. அண்டைக்கு அந்த வயல்கார அம்மா சொன்னதைக் கேட்டனீங்கள்தானே. 2010 இல திரும்பி வரேக்க வரம்பு ஒண்டும் தெரியேல்லை, எல்லாம் பத்தை. வாய்க்கால் மதகையும் மருதமரத்தையும் குறியா வச்சு, அதில இருந்து எட்டி எட்டிக் காலால அளந்துதான் எல்லையைப் பிடிச்சவ. தெரிஞ்ச ரெண்டு புள்ளியில இருந்து தெரியாத மூண்டாவதைக் கண்டுபிடிக்கிறது. அதைக் கேத்திரகணிதம் எண்டு அவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

சாதாரண தரத்தில ரெண்டாம் வினாத்தாளில பன்னிரண்டு கேள்வி வரும், பத்துக்கு விடை எழுதவேணும். படிமுறைக்குப் புள்ளி இருக்கு. அதால பிழைச்ச வரியை அழிக்காதேங்கோ, ஒரு கோடு கீறிவிட்டு கீழ எழுதுங்கோ. விதைப்புக்கும் அருவி வெட்டுக்கும் நிண்டுபோற பிள்ளையள், அது உங்கட குற்றம் இல்லை, எனக்குத் தெரியும். வந்த அண்டைக்கே பக்கத்தில இருக்கிறவரின்ர கொப்பியை வாங்குங்கோ. குடுக்கிறவை முகம் சுழிக்காமல் குடுங்கோ. விளங்காட்டில் "இல்லை ரீச்சர்" எண்டு சொல்லுங்கோ. போன மாசம் முதல்முதல் ஒரு பிள்ளை எழும்பி அப்பிடிச் சொன்ன நேரம் எனக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு அவவுக்குத் தெரியாது.

நீங்கள் கொண்டுவந்து தந்த பாலைப்பழத்தையும் தயிர்ச் சட்டியையும் நான் மறக்கமாட்டன். உங்களையும்தான்.

அளந்த கயிறு அலுமாரியில கீழ்த்தட்டில இருக்கு, மீற்றருக்கு ஒரு முடிச்சு. மழைக்கு நனைஞ்சால் நீளம் மாறும். அடுத்தமுறை வயலுக்குக் கொண்டுபோக முதல் அடிமட்டத்தை வச்சு முடிச்சுகளை ஒருக்காச் சரிபாருங்கோ.