ஜூன் மாத மேற்செலவு அறிக்கை: நண்டு உடைக்கும் பிரிவு, மண்டபம்

சார்,

நேற்று மீட்டிங்கில் ஓடிய பழைய ஷீட்டைப் பார்த்து இந்தப் பிரிவு 22,000 ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அது மிச்சமே இல்லை. 2,400 கிலோ சதைக்குப் போட்ட 3,24,000 ரூபாய் பட்ஜெட்டை, 1,800 கிலோ மட்டும் எடுத்த மாதத்தின் 3,02,000 ரூபாய் செலவோடு ஒப்பிட்டால் எந்தப் பிரிவும் சிக்கனமாகத்தான் தெரியும். அதனால் 1,800 கிலோவுக்கு எவ்வளவு செலவாகியிருக்க வேண்டும் என்று திரும்பக் கணக்கிட்டேன்.

கிலோவுக்கு ஒன்றரை மணி நேரம் என்பது நம் அளவுகோல், ஆக அனுமதித்த நேரம் 2,700 மணி. மாறும் மேற்செலவு மணிக்கு 40 ரூபாய்.

| செலவு | நெகிழ்வு பட்ஜெட் (ரூ.) | உண்மைச் செலவு (ரூ.) | மாறுபாடு (ரூ.) |
|---|---|---|---|
| ஐஸ் | 32,400 | 36,200 | 3,800 பாதகம் |
| கையுறை, குளோரின், சுத்தம் | 21,600 | 20,900 | 700 சாதகம் |
| மின்சாரம் | 54,000 | 58,400 | 4,400 பாதகம் |
| மாறும் செலவு மொத்தம் | 1,08,000 | 1,15,500 | 7,500 பாதகம் |
| மேற்பார்வையாளர் சம்பளம் | 54,000 | 57,000 | 3,000 பாதகம் |
| கட்டட வாடகை | 45,000 | 45,000 | 0 |
| தேய்மானம் | 54,000 | 54,000 | 0 |
| கம்ப்ரசர் பராமரிப்பு | 18,000 | 21,500 | 3,500 பாதகம் |
| இன்சூரன்ஸ் | 9,000 | 9,000 | 0 |
| நிலையான செலவு மொத்தம் | 1,80,000 | 1,86,500 | 6,500 பாதகம் |
| எல்லாம் சேர்த்து | 2,88,000 | 3,02,000 | 14,000 பாதகம் |

22,000 மிச்சம் இல்லை, 14,000 கூடுதல்.

மாறும் செலவில் போன 7,500-ல் 6,000 ரூபாய் நேரத்தால் வந்தது. 2,700 மணியில் முடியவேண்டிய வேலைக்கு 2,850 மணி ஆனது. இதற்கு உடைக்கிற அக்காமார்களைக் குறை சொல்லாதீர்கள், நானே ஒரு நாள் மேஜை பக்கத்தில் நின்று பார்த்தேன், புதிதாகத் தோல் உரித்த நண்டு கூடை கூடையாக வந்திருந்தது, ஓட்டைத் திறந்தால் சதைக்குப் பதில் தண்ணீர்தான் வழிகிறது, கத்தி போகிற வேகம் அதேதான், கிண்ணம் மட்டும் நிறையவில்லை. வாங்கும்போது வயிற்றை அழுத்திப் பார்த்து எடுக்கவேண்டியது கொள்முதல் பக்கம். மீதி 1,500 விலையும் உபயோகமும் சேர்ந்தது, ஐஸ்தான் அதில் பெரிது.

இப்போது நிலையான மேற்செலவு. இங்கே இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது செலவு மாறுபாடு, 1,86,500 கழித்தல் 1,80,000, ஆக 6,500 பாதகம். இதுதான் உண்மையாகவே கையை விட்டுப் போன பணம். இதில் 3,000, மேற்பார்வையாளர் அக்கா லீவில் இருந்த பத்து நாளுக்கு ஆள் போட்டது, சரி, தவிர்க்க முடியாது. கம்ப்ரசர் பில்லில் கூடுதலாக வந்த 3,500-க்கு ஒப்பந்தத்தில் இடமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது, கேஸ் நிரப்புவதும் அதற்குள் அடக்கம் என்று எழுதித்தான் கையெழுத்துப் போட்டோம்.

இரண்டாவது அளவு மாறுபாடு. 1,80,000 ரூபாயை 3,600 மணிக்குப் பங்கிட்டுத்தான் மணிக்கு 50 ரூபாய் என்று விகிதம் வைத்தோம். அனுமதித்த நேரம் 2,700 மணி என்பதால் சதையின் மேல் ஏற்றியது 1,35,000. வித்தியாசம் 45,000, பாதகம். 900 மணி பெருக்கல் 50 என்றாலும் அதேதான். இரண்டையும் கூட்டினால் 51,500, அதாவது செலவான 1,86,500-ல் சரக்கின் மேல் ஏறாமல் நின்ற தொகை.

மேலே உள்ள அட்டவணையில் இந்த 45,000-த்தைத் தேடாதீர்கள், இருக்காது. வாடகைக்காரர் நண்டு வந்ததா என்று கேட்டு வாடகை வாங்குவதில்லை, 1,800 கிலோவானாலும் 2,400 ஆனாலும் பட்ஜெட் அதே 1,80,000 தான். ஆகவே இது யாரும் அதிகமாகச் செலவழித்த பணமில்லை, கட்டடமும் குளிர் அறையும் சும்மா கிடந்ததன் கணக்கு, பிரிவின் பேரில் எழுதவே கூடாது.

ஏன் சும்மா கிடந்தது? விசைப்படகுக்குத் தடைக்காலம் ஜூன் 14 வரை. நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை, அதை நம்பித்தான் 2,400 கிலோ என்று எழுதினோம், ஆனால் கச்சான் காற்று விடாமல் அடித்ததில் ஒன்பது நாள் வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. இன்னொன்றும் இருக்கிறது. 3,600 மணி என்பது வருஷ மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்த எண். ஜூனில் இப்படிப் பாதகம் விழுவதும், வரத்து கூடுகிற மாதங்களில் சாதகம் வருவதும் அந்தக் கணக்கின் இயல்பு. மாதா மாதம் இதை வைத்து அக்காவைக் கூப்பிட்டுக் கேட்பது நியாயமில்லை. வருஷக் கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்போம்.

கம்ப்ரசர்காரரிடம் இன்று மாலைக்குள் பேசுங்கள் சார். ஒப்பந்த நகலை உங்கள் மேஜையில் வைத்திருக்கிறேன், கேஸ் பற்றிய வரியைப் பென்சிலால் கோடிட்டிருக்கிறேன்.

கணக்குப் பிரிவு