சாரின் கோப்புகள்

மேட்டூர்த் தண்ணீர் குடமுருட்டிக்கு வந்து சேர்ந்த வாரம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திண்ணையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். பள்ளி அலுவலகத்தில் அவரே தட்டச்சு செய்த கோப்புகள் பென்டிரைவில் இருந்தன. இதுவரை அவற்றைக் கடைத்தெரு பிரவுசிங் சென்டரில்தான் திறந்து பார்ப்பார். பென்ஷன் விவரமெல்லாம் கண்டவர் கண்ணில் படும். அந்த வருத்தம் நியாயம்தான். சொந்தக் கணக்கைப் பார்க்க இன்னொருவர் கை எதற்கு?

எதிர்வீட்டு பாலிடெக்னிக் மாணவி, கோப்புகளைத் திறக்க LibreOffice மென்பொருளை நிறுவித் தந்தாள். "இனிமே நீங்களே செய்யுங்க சார்" என்று தள்ளி உட்கார்ந்தாள்.

கோப்பை இருமுறை தட்டினார். திறந்தது. தலைப்பில் `jkpo;` என்று இருந்தது.

"கெட்டுப்போச்சாம்மா?"

"இல்ல சார். அப்போ Bamini எழுத்துருவுல அடிச்சிருக்கீங்க. அது இந்தக் கம்ப்யூட்டர்ல இல்ல, அவ்வளவுதான்."

அவள் இறக்கித் தந்த Bamini எழுத்துருக் கோப்பைத் திறந்து, Install என்பதை அவரே அழுத்தினார். அப்புறம் கோப்பை மூடி மறுபடி திறந்தார். 'தமிழ் மன்ற ஆண்டறிக்கை'. கீழே பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைகளின் பெயர்கள். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார்.

"அடுத்தது பென்ஷன் கணக்கு. நீ உள்ளே போய் காபி சாப்பிடும்மா, நான் திறந்துக்கறேன்."