பூம்பாறை மலைப்பூண்டு: படத்துக்கான பிராம்ப்ட்

அக்கா, வணக்கம். "பச்சையா இருக்கணும், ஆனா மருந்துக்கடைப் பச்சை வேணாம், நம்ம ஊர்னு தெரியணும், பார்த்ததும் நம்பிக்கை வரணும்" என்று பூண்டுப் பெட்டியில் போடும் படத்தைப் பற்றிக் குரல் செய்தியில் சொல்லியிருந்தீர்கள். இதைப் படம் உருவாக்கும் ஏஐ கருவிக்கு அப்படியே கொடுத்தால் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டம்தான் வரும். அதனால் ஒவ்வொன்றையும் கண்ணுக்குத் தெரிகிற பொருளாக மாற்றினேன். உங்கள் பச்சை, மழைக்குப் பிறகு கல்லில் படரும் பாசி. நம்பிக்கைக்குப் பூண்டைப் பிடித்திருக்கும் ஒரு விவசாயியின் கை போதும் என்று நினைக்கிறேன்; சிரித்த முகம் வைத்தால் எல்லா விளம்பரத்தையும் போல ஆகிவிடும்.

கொடுக்கப்போகும் பிராம்ப்ட் இதுதான்:

"செங்குத்தான புகைப்படம், 4:5 விகிதம். கொடைக்கானல் மலைக்கிராமத்து வீட்டுத் திண்ணை. கறுத்துப்போன பழைய மரப்பலகையில் ஒரே ஒரு கொத்து மலைப்பூண்டு, காய்ந்த தாளோடு சேர்த்துக் கட்டியது. தோல் யானைத் தந்தத்தின் வெள்ளை (#F1E9D8), வேரில் கொஞ்சம் மண். ஒரு பூண்டு மட்டும் உடைந்து, இரண்டு பற்கள் பலகையில் கிடக்கின்றன. இடப்பக்கத்திலிருந்து நீளும் அறுபது வயதுத் தமிழ்ப் பெண்ணின் கை கொத்தைப் பிடித்திருக்கிறது. சுருக்கம் விழுந்த, உழைத்த விரல்கள். முகம் படத்துக்கு வெளியே. செங்கல் நிற (#A6543A) கம்பளி ஸ்வெட்டர் கை. படத்தில் அழுத்தமான நிறம் இது ஒன்றுதான், பத்தில் ஒரு பங்குக்குள். பின்னால் படிப்படியாக இறங்கும் வயல்கள், மங்கலாக, சாம்பல் கலந்த பாசிப்பச்சை (#4A5D3A). அதற்கு மேல், படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு முழுக்க வெறும் மூடுபனி (#C9CEC8). மேகம் மூடிய காலை வெளிச்சம், மென்மையான நிழல். 50 எம்.எம். லென்ஸ், சற்று மேலிருந்து பார்வை, பூண்டின் மேல் மட்டும் கூர்மை. எழுத்தோ முத்திரையோ இல்லை."

நிறத்தைப் பெயராலும் எண்ணாலும் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் எண்ணை மட்டும் கொடுத்தால் கருவி அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. மீதி வித்தியாசத்தை நான் கையால் திருத்திவிடுவேன். கடைப் பெயரும் பிறகுதான் வரும். தமிழ் எழுத்தை இந்தக் கருவிகள் பெரும்பாலும் சிதைத்துவிடுகின்றன. மேலே பனியை வெறுமையாக விட்டது அதற்காகத்தான்.

புவிசார் குறியீட்டு முத்திரையும் கேட்டிருந்தீர்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் குறியீடு கிடைத்தது சரிதான். ஆனால் அதைப் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக நீங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருந்தால் சான்றிதழை அனுப்புங்கள், உண்மையான முத்திரையையே பெட்டியில் வைக்கலாம். கருவி வரையும் போலி முத்திரை நம் பெட்டியில் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், ஸ்வெட்டருக்குச் செங்கல் நிறம் பிடிக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் மஞ்சளுக்கு மாற்றுகிறேன்; பச்சையில் மட்டும் கை வைக்க வேண்டாம் அக்கா.