தர்ஷினிக்கு, இரண்டு குழாய்களைப் பற்றி

ஜார்ஜ்டவுன், பினாங்கு
மார்ச் 14, வெள்ளி இரவு

அன்புள்ள தர்ஷினி,

நேற்று டியூட்டோரியல் முடிந்து எல்லோரும் போன பிறகு, விடைத்தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், இன்னும் எத்தனை தடவை படிக்கணும்?" என்று கேட்டாய். ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டது என்று நீ ஓடிவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. மெசேஜில் சொல்கிற விஷயமும் இல்லை. நீ தமிழில் கேட்டாய், நானும் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஃபிசியாலஜியில் நூற்றுக்கு 41. நீ சோம்பேறி இல்லை என்று எனக்குத் தெரியும். உன் நோட்டில் மஞ்சள் மை படாத வரியே கிடையாது. ஆனால் ஏழாம் கேள்விக்கு நீ எழுதியதைப் பார்த்துதான் எனக்குத் தூக்கம் போனது, அதில் என் பங்கும் இருக்கிறது.

ஒரு லிட்டர் ரத்தம் இழந்த நோயாளிக்குச் சிறுநீர் ஏன் குறைகிறது என்பது கேள்வி. நீ ரெனினில் தொடங்கி ஆல்டோஸ்டிரோன் வரை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாய். நடுவில் ஒரு வாக்கியம்: ஆஞ்சியோடென்சின் 2 அஃபரென்ட் ஆர்ட்டீரியோலைச் சுருக்குகிறது, அதனால் ஜி.எஃப்.ஆர். காக்கப்படுகிறது. இது என் ஸ்லைடில் இருந்த வாக்கியம், எழுத்து மாறாமல். அந்த ஸ்லைடு தப்பு. அது எஃபெரென்ட் என்று இருக்க வேண்டும். போன வருஷம் அவசரத்தில் தட்டியது, யாரும் கேட்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. உன் தாளைத் திருத்தும்போதுதான் என் கண்ணிலேயே பட்டது. அதற்காக உன்னிடம் மன்னிப்பு. அந்த ஒரு வரிக்கு உனக்கு மார்க் வெட்டவில்லை.

ஆனால் அந்த வாக்கியம் தன்னைத்தானே மறுக்கிறது, பார். சிறுநீரகத்தில் இருக்கும் குளோமருலஸை ஒரு சல்லடைப் பை என்று வைத்துக்கொள். உள்ளே வரும் குழாய் அஃபரென்ட், வெளியே போகும் குழாய் எஃபெரென்ட். உள்ளே வருவதை நெருக்கினால் பைக்குள் அழுத்தம் இறங்கும், வடிகட்டும் அளவான ஜி.எஃப்.ஆர். குறையும். வெளியே போவதை நெருக்கினால் ரத்தம் பைக்குள் தேங்கி அழுத்தம் ஏறும், வடிகட்டுவது விழாமல் நிற்கும். உண்மையில் ஆஞ்சியோடென்சின் 2 இரண்டையுமே சுருக்கும். வெளியே போவதை அதிகமாகச் சுருக்கும், அவ்வளவுதான். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது தெரியும். உனக்கும் தெரியும். நீ அதை அந்த வாக்கியத்தோடு முட்டிப் பார்க்கவில்லை. முட்டியிருந்தால் வகுப்பில் கையைத் தூக்கி, "டீச்சர், ஸ்லைடு தப்பு" என்றிருப்பாய்.

அதனால் உன் கேள்விக்கு என் பதில்: இன்னொரு தடவை படிக்காதே.

மனப்பாடத்தை நான் குறை சொல்லவில்லை. தமிழ்ப் பள்ளியில் திருக்குறள் ஒப்புவித்து வளர்ந்தவள்தான் நானும். அந்தப் பழக்கம்தான் உன்னை எஸ்.பி.எம். தேர்வு தாண்டி இங்கே கொண்டுவந்து சேர்த்தது. சிலது மனப்பாடமாகத்தான் இருக்க வேண்டும்: சோடியம் 140, பொட்டாசியம் 4, தமனி ரத்தத்தின் பி.எச். 7.4, இதயம் நிமிஷத்துக்கு 5 லிட்டர், ஜி.எஃப்.ஆர். நிமிஷத்துக்கு 125 மில்லி. ஆனால் எண்ணை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதே. 125 மில்லி என்றால் ஒரு நாளுக்கு 180 லிட்டர். உன் உடம்பில் பிளாஸ்மா மொத்தமே சுமார் 3 லிட்டர்தான். அப்படியென்றால் அதே பிளாஸ்மா ஒரு நாளில் 60 தடவை வடிகட்டப்படுகிறது. நீ வெளியேற்றுவதோ ஒன்றரை லிட்டர் போல. மிச்சம் எல்லாம் திரும்ப உள்ளே. சிறுநீரகம் முக்கியமாகச் செய்கிற வேலை எது, வெளியே தள்ளுவதா, திரும்ப எடுப்பதா? இந்தக் கணக்கை ஒருமுறை உன் கையால் போட்டுவிட்டால் டியூபியூல் பாடத்தில் பாதி தானாகவே வந்து உட்கார்ந்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். புத்தகக்கடையில் பெரிய தாளாக நாலு மாஜோங் பேப்பர் வாங்கு. நோட்டை மூடிவிட்டு இரண்டு குழாய், ஒரு பை வரை. ஏதாவது ஒன்றை மாற்று: ரத்தம் குறைந்தது, குழாய் அடைத்தது, உப்பு அதிகமானது. அடுத்து எது ஏறும், எது இறங்கும் என்று அம்புக்குறி போடு. போட்ட பிறகுதான் நோட்டைத் திற. நோட்டும் அம்பும் ஒத்துப்போகாத இடத்தில் சிவப்பு வட்டம். அந்த வட்டங்கள்தான் நீ படிக்க வேண்டிய பாடம், மற்றதைத் தாண்டிப் போ. முதல் வாரம் ஒரு தாளை முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும், எரிச்சலாக வரும். ஒன்றுமே படிக்காத மாதிரி ஒரு உணர்வும் வரும். மஞ்சள் மை தருகிற திருப்தியை இது தராது.

இன்னொன்று. போன மாதம் தண்ணீர்மலையில் 513 படி ஏறியதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னாயே, நெஞ்சு அடித்துக்கொண்டது என்று. அந்த நேரம் உன் இதயம் 5 லிட்டரை விட்டு 15 லிட்டருக்குப் போயிருக்கலாம். மூன்று மடங்கு. ரத்த அழுத்தமும் மூன்று மடங்கு ஆகியிருந்தால் நீ கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டாய். ஏன் ஆகவில்லை? அழுத்தம் என்பது ஓட்டமும் தடையும் பெருக்கி வருவது. ஓட்டம் ஏறியது, அப்படியானால் தடை இறங்கியிருக்க வேண்டும். எங்கே? வேலை செய்த இடத்தில், உன் தொடைத் தசையில். டயஸ்டாலிக் அழுத்தம் அவ்வளவாக ஏறாததற்கும் இதுதான் காரணம். இதில் ஒரு வரிகூட நீ மனப்பாடம் செய்யவில்லை. உன் கால் வலியிலிருந்து எடுத்தோம்.

மறுதேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, எல்லாவற்றையும் இப்படிச் செய்ய முடியாது. ரத்த அழுத்தம், சிறுநீரகம், மூச்சில் கரியமில வாயு, இந்த மூன்றை மட்டும் எடு. நரம்பும் தசையும் உனக்கு ஏற்கெனவே ஓரளவு வருகிறது. இரத்த உறைதல் அடுக்கு ஒன்றை மட்டும் மனப்பாடமாகவே வைத்துக்கொள், அதில் நானும் உன் கட்சி. இரவு இரண்டு மணி வரை விழிப்பதை நிறுத்து. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினம் வந்து போகிறவளுக்கு அது கட்டாது.

வியாழன் மாலை நாலு மணிக்கு என் அறைக்கு வா, மாஜோங் பேப்பரோடு. அழகாகத் திரும்ப வரைந்து எடுத்து வராதே. சிவப்பு வட்டத்தோடு, அடித்துத் திருத்தியதோடு வேண்டும்.

வரும்போது இரண்டு கேள்விக்கு அம்பு போட்டு வா. முதலாவது: இரண்டு சிறுநீரகத்துக்கும் போகும் தமனி குறுகிப்போன ஒருவருக்கு, ஆஞ்சியோடென்சின் 2 உருவாகாமல் தடுக்கும் பெரிண்டோப்ரில் கொடுத்தால் கிரியேட்டினின் ஏன் ஏறும்? அந்த இரண்டு குழாய் படத்திலேயே விடை இருக்கிறது.

இரண்டாவது உன் வீட்டுக் கேள்வி. கிளினிக்கில் கொடுத்த அந்த மாத்திரையால் அம்மாவுக்கு வறட்டு இருமல் வந்து, பிறகு டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார் என்றாய். ரத்தக் குழாய்க்குக் கொடுத்த மருந்து தொண்டையில் போய் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? அந்த மருந்து தடுக்கிற என்சைமுக்கு இன்னொரு வேலையும் இருந்தால்? தேடிப் பார்க்காதே. முதலில் யூகித்து எழுதிக்கொண்டு வா.

அன்புடன்,
மாலதி

(ஸ்லைடைத் திருத்திவிட்டேன். திங்கள்கிழமை வகுப்பில் எல்லோரிடமும் சொல்வேன்.)