பாபநாசம் பெரிய வீடு வாட்ஸ்அப் குழுவினருக்கு: தவறிப்போகும் வாய்ஸ், வெற்றுப் பதிவு பற்றி

எல்லோருக்கும் வணக்கம். பெரியவர்களுக்கு நமஸ்காரம்.

இது கொஞ்சம் நீளம். காபி குடிக்கும்போது படியுங்கள். வீட்டு மருமகள் பெரியவர்களுக்குப் பாடம் நடத்துகிறாள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திருச்சி மாமா புது போன் மாற்றியபோது, "நீயே பார்த்துக்கொள்ளம்மா" என்று அட்மின் வேலையை என் தலையில் கட்டினார். அன்றிலிருந்து குழுவில் எது நடந்தாலும் போன் எனக்குத்தான் வருகிறது. அதனால் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

போன வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை உட்கார்ந்து எண்ணினேன். நம் குழுவில் வந்த வாய்ஸ் மொத்தம் 23. அதில் யாராவது யாரிடமாவது ஏதாவது சொன்னது 6. மீதி 17-இல் மிக்ஸி ஓடுகிறது, பஸ் ஹாரன் அடிக்கிறது, டிவியில் ஒரு மாமியார் அழுகிறார். வெற்றுப் பதிவு தனிக் கணக்கு: வெறும் புள்ளி 9, "க்" என்று ஒன்று, முழுக் கறுப்பாக நான்கு போட்டோ. நான்கும் சட்டைப் பைக்குள் எடுத்தவை என்று நினைக்கிறேன். ஒன்றில் ஓரமாகப் பேனா மூடி தெரிகிறது.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நாலு நாள் முன்னால் நடந்த காதுகுத்துக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை குலதெய்வம் கோயிலில் நம் சின்னவள் பையனுக்கு மொட்டையும் காதுகுத்தும். பத்தரைக்கு என்று முதலில் சொல்லியிருந்தோம். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கும் என்பது வியாழன் ராத்திரிதான் பெரிய அத்தைக்கு உறைத்தது. உடனே ஒன்பதரைக்கு மாற்றி, ராத்திரி 9.10-க்குக் குழுவில் போட்டேன். அதற்குக் கீழே விடிவதற்குள் 19 பதிவு. மூன்று நிமிட வாய்ஸ் ஒன்று, அதே ஆள் அனுப்பிய இன்னொன்று, புள்ளி, புள்ளி, கறுப்புப் படம், மூன்று காலை வணக்கம். என் செய்தி எங்கேயோ மேலே போய்விட்டது.

பையனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் கோவையிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டார். இந்தச் சத்தம் தாங்காமல் இரண்டு மாதமாக நம் குழுவை மியூட்டில் போட்டு வைத்திருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. அதுவும் எட்டு மணி நேரம், ஒரு வாரம் எல்லாம் இல்லை, Always. ஒன்பதே காலுக்குப் போன் செய்தால், "பத்தரைக்குத்தானே அண்ணி, வல்லம் தாண்டியாச்சு, டீ குடிக்கிறோம்" என்கிறார். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார். குழந்தை மொட்டை போட்ட எரிச்சலில் கத்துகிறது. பத்தே காலுக்கு மேல் காத்திருக்க முடியாமல், இன்னொரு தாய்மாமனான என் வீட்டுக்காரர் மடியில் உட்கார வைத்துக் குத்தியாகிவிட்டது. பத்தே முக்காலுக்குக் கோவைத் தம்பி சீர்த்தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கோயில் வாசலில் நின்ற முகத்தை நான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோட்டைக் கொடுத்துவிட்டு, குழந்தை கன்னத்தைத் தொட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறப் போய்விட்டார்.

நேரம் மாறியதைத் தனியாகப் போன் செய்து சொல்லாதது என் தப்பு. அவரிடம் நேரிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் 64 பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்வதென்றால் குழு எதற்கு? தம்பியைப் போல இன்னும் எத்தனை பேர் மியூட்டில் இருக்கிறார்களோ. நல்லது கெட்டது சொல்லத்தான் இதை ஆரம்பித்தோம்.

இன்னொன்று. யார் என்று சொல்லப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும். போன மாதம் ஏழு நிமிட வாய்ஸ் ஒன்று வந்தது. வீட்டுக்குள் இரண்டு பேர் நகைக் கடனைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், நடுவில் ஒரு சம்பந்தி பெயர் வருகிறது. நாற்பது நொடி கேட்டதும் எனக்கு வேர்த்துவிட்டது. அட்மின் என்பதால் அதை எல்லோருக்கும் அழிக்க முடிந்தது, அழித்துவிட்டேன். அதற்குள் எத்தனை பேர் கேட்டார்களோ. நம் குழுவில் சம்பந்தி வீட்டாரும் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, இது ஏன் நடக்கிறது என்று கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். பெரியவர்கள் மேல் குற்றமில்லை. வாட்ஸ்அப் பட்டன் அப்படி இருக்கிறது.

எழுத்துப் பெட்டிக்கு வலது பக்கம் ஒரு வட்டம் இருக்கிறதே, பெட்டியில் எழுத்து இருந்தால் அந்த வட்டத்தில் அம்புக்குறி தெரியும், பெட்டி காலியானால் அதே இடத்தில் மைக் வந்துவிடும். அம்புக்குறியை அழுத்திச் செய்தி போனதும், போகவில்லையோ என்று சந்தேகப்பட்டு மறுபடியும் அதே இடத்தில் விரலை அழுத்திப் பிடிக்கிறோம். இப்போது அது மைக். பிடித்திருக்கும் வரை பதிவாகிறது, எடுத்ததும் போய்விடுகிறது. பிடித்தபடி விரல் மேலே நகர்ந்தால் இன்னும் ஆபத்து. பூட்டிக்கொண்டு, விரலை எடுத்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஏழு நிமிடம் அப்படி வந்ததுதான்.

இரண்டாவது குழப்பம், மைக் இரண்டு இருப்பது. கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு சின்ன மைக் உண்டு. அதைத் தொட்டுப் பேசினால் நாம் பேசுவது தமிழ் எழுத்தாக விழும். கும்பகோணம் சித்தப்பாவுக்குப் பேரன் கற்றுக்கொடுத்தது அது. அவர் அழுத்துவது வட்டத்தில் இருக்கும் மைக்கை. "அன்புள்ள அனைவருக்கும் காற்புள்ளி" என்று தொடங்கும் வாய்ஸ் நமக்கு ஏன் வாரம் இரண்டு வருகிறது என்று இப்போது புரிகிறதா? சித்தப்பா, எழுத வேண்டுமென்றால் கீபோர்டுக்குள் இருக்கும் சின்ன மைக். வட்டத்தில் இருப்பதைத் தொட வேண்டாம்.

தெரியாமல் பதிவாக ஆரம்பித்துவிட்டால் பதறி விரலை எடுக்காதீர்கள். எடுத்தால்தான் போகும். விரலை அப்படியே இடது பக்கம் இழுத்துவிடுங்கள், அழிந்துவிடும். பூட்டிக்கொண்டு தானாக ஓடினால் குப்பைத்தொட்டிப் படத்தைத் தொடுங்கள்.

போயே போய்விட்டால், அந்தப் பதிவின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். மேலே குப்பைத்தொட்டி வரும். தொட்டால் Delete for everyone, Delete for me என்று கேட்கும். முதலாவதுதான் வேண்டும். இதில்தான் பெரிய மாமா ஒவ்வொரு முறையும் மாட்டுகிறார். "நான்தான் அழிச்சிட்டேனே" என்று அவர் சொல்வது பொய்யில்லை. Delete for me கொடுத்தால் அவர் போனில் மட்டும் போய்விடும், மற்ற 63 பேர் போனிலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். மாற்றித் தொட்டுவிட்டால் கீழே சில நொடிகள் Undo என்று வரும், அதைத் தொட்டு மறுபடியும் சரியாகச் செய்யலாம். அதுவும் தவறிவிட்டால் எனக்கு ஒரு போன் போடுங்கள், நான் அழித்துவிடுகிறேன். நள்ளிரவு என்றால் வேண்டாம், காலையில் போதும்.

சட்டைப் பை, இடுப்பு, பர்ஸ் எங்கே வைப்பதானாலும் முதலில் பக்கவாட்டுப் பட்டனை அழுத்தித் திரையை அணையுங்கள். பல பேர் போனில் பேரப்பிள்ளைகள் வீடியோ பார்க்க வசதியாகத் திரை பத்து நிமிடம் அணையாதபடி வைத்திருக்கிறார்கள். அதை 30 நொடிக்குக் குறைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். குழந்தை கையில் போனைக் கொடுப்பதற்கு முன் குழுவை விட்டு வெளியே வந்துவிட்டுக் கொடுங்கள். "க்" அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும், அவருக்கு வயது இரண்டு.

புள்ளி விஷயம் வேறு. விசாரித்ததில் அது தவறிப் போவதே இல்லை, "படித்துவிட்டேன்" என்பதற்கு அடையாளமாகச் சிலர் வைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் போன் "டிங்" என்கிறது. நாம் விடிகாலை 4.45-க்குப் புள்ளி வைத்தால் மஸ்கட்டில் மூணே கால். அங்கே தம்பி ஷிப்ட் முடிந்து அப்போதுதான் படுத்திருப்பார். படித்ததைத் தெரிவிக்க, அந்தச் செய்தியையே அழுத்திப் பிடித்து வரும் படங்களில் கட்டைவிரலைத் தொட்டால் போதும். செய்தியின் காலடியிலேயே ஒட்டிக்கொள்ளும், குழு நீளாது.

இரண்டு யோசனை என்னிடம் வந்தன. அட்மின் மட்டும் பதிவு போடும்படி மாற்றிவிடலாம் என்பது ஒன்று. மாட்டேன். அப்புறம் இது ரேஷன் கடை அறிவிப்புப் பலகை ஆகிவிடும். அடிக்கடி தவறு செய்பவர்களை எடுத்துவிடலாம் என்பது இன்னொன்று. அதைச் சொன்னவரும் போன வாரக் கறுப்புப் படப் பட்டியலில் இருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாய்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண் சரியாகத் தெரியாதவர்களும் தட்டச்சு வராதவர்களும் தாராளமாகப் பேசுங்கள். பேசப்போகிறோம் என்று தெரிந்து பேசுங்கள், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால், பெரிய மாமா தெரியாமல் அனுப்பிய ஒரு வாய்ஸை நான் அழிக்கவில்லை. இரண்டு நிமிடம் 13 நொடி. செருப்புச் சத்தம், கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள், மாடு ஒரு தரம் கத்துகிறது, "இரு, இரு, வரேன்" என்கிறார், அப்புறம் வெறும் மூச்சு. மஸ்கட் தம்பி அதை மூன்று முறை கேட்டாராம். "அண்ணி, தாழ்ப்பாள் இன்னும் மாத்தலையா?" என்று எனக்குத் தனியாக எழுதியிருந்தார். மாமா, அந்த மாதிரி இன்னொன்று அனுப்புங்கள், ஆனால் பகலில்.

இதை 30 நாளுக்குக் குழுவின் மேலே பின் செய்து வைக்கிறேன். மியூட்டில் போட்டிருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முக்கியமான நேரம், இடம் மாறினால் இனி குழுவில் போடுவதோடு வீட்டுக்கு ஒருவருக்காவது நானே போன் செய்கிறேன்.

வரும் ஞாயிறு காலை பதினோரு மணியிலிருந்து பாபநாசம் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். போனில் எதை எங்கே தொடுவது என்று குழப்பம் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள், ஒவ்வொன்றாகச் சரிசெய்து தருகிறேன். சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள், வீட்டில் இருப்பது ஒரே பிளக். மதியம் வத்தக்குழம்பு.

படித்தவர்கள் கட்டைவிரல் போடுங்கள். புள்ளி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மருமகள் (அட்மின்)