புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தவர்களிடம் கேட்கும் கேள்விகள்

கேட்பவர் கவனத்திற்கு: மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலைப் பேருந்தில் வருபவர்களில் பலருக்குப் படிவத்தை வாசிப்பது சிரமம் என்பதால், கேள்விகளை நீங்களே உரக்க வாசித்து, அட்டையிலுள்ள சிரித்த முகம், சாதாரண முகம், வாடிய முகம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். மருந்து வாங்கிய பிறகே கேளுங்கள். செவிலியரோ மருத்துவரோ அருகில் நின்றால் எவரும் வாடிய முகத்தைத் தொடமாட்டார்கள். ஆகவே வாசல் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரவைத்துக் கேளுங்கள்.

முதலில் சொல்ல வேண்டியது: "வணக்கம். ஐந்து நிமிடம் பேசலாமா? உங்கள் பெயரை எழுதமாட்டோம். நீங்கள் என்ன சொன்னாலும் உங்கள் சிகிச்சை குறையாது. விருப்பம் இல்லையென்றால் பேசாமல் போகலாம்."

1. இன்று எந்த நேரத்துப் பேருந்தில் வந்தீர்கள்? (கையில் கடிகாரம் இல்லாதவருக்கும் பேருந்து நேரம் தெரியும். பதிலை மணிக்கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.)

2. ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் காத்திருந்தது எப்படி இருந்தது?

3. உட்கார இடம் கிடைத்ததா? குடிக்கத் தண்ணீர் இருந்ததா? கழிப்பறை சுத்தமாக இருந்ததா? (மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கழிப்பறைக் கேள்வியைப் பெண்களிடம் பெண் பணியாளரே கேட்க வேண்டும்.)

4. உங்களுக்கு என்ன செய்கிறது என்று நீங்கள் சொல்லி முடிக்கும்வரை மருத்துவர் கேட்டாரா?

5. உங்களுக்கு என்ன நோய் என்று புரியும்படி சொன்னார்களா?

6. பரிசோதிக்கும்போது மற்றவர் பார்க்காதபடி மறைவு இருந்ததா?

7. எழுதிக் கொடுத்த மருந்து எல்லாம் கிடைத்ததா? வெளிக்கடையில் வாங்கச் சொன்னார்களா?

8. இந்த மாத்திரையை எப்போது, எத்தனை சாப்பிட வேண்டும் என்று எனக்குச் சொல்லுங்கள்.

எட்டாவது கேள்விக்கு முகம் காட்டச் சொல்ல வேண்டாம். மாத்திரை உறையைக் கையில் வைத்துக்கொண்டு அவரே சொல்லட்டும், "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதனால் நமக்கு எதுவும் தெரியாது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் ஒரு மாத மாத்திரையை மொத்தமாக வாங்கிச் செல்பவர் தவறாகச் சொன்னால், திருத்தும் வேலையை நீங்கள் செய்யாமல், அவரை மருந்தாளுநரிடம் அழைத்துப் போய் மறுபடி விளக்கச் செய்யுங்கள்.

9. யாராவது உங்களைக் கடிந்து பேசினார்களா? யாராவது காசு கேட்டார்களா? (பதில் சொல்லத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், தயங்கினார் என்று மட்டும் குறியுங்கள்.)

10. மறுபடி எப்போது வர வேண்டும் என்று சொன்னார்களா?

11. உங்கள் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லையென்றால் இங்கே அழைத்து வருவீர்களா? ஏன்?

"ஏன்" என்பதற்கு அவர் சொல்லும் பதிலை அவருடைய பேச்சிலேயே எழுதுங்கள். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னால், "இன்று எந்த இடத்தில் அதிக நேரம் நின்றீர்கள்?" என்று ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

முடிவில் சொல்ல வேண்டியது: "நன்றி. வீட்டுக்குப் போன பிறகு சந்தேகம் வந்தால் 104-க்கும், அவசரம் என்றால் 108-க்கும் போன் செய்யுங்கள்."