இந்த செமஸ்டர் நம் தெர்மோ வகுப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும்

அன்புள்ள இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவ மாணவியருக்கு,

திங்கட்கிழமை தொடங்கும் வெப்ப இயக்கவியல் வகுப்பை இரு மொழியிலும் நடத்தப்போகிறேன். துறைத்தலைவரும் சரியென்றுவிட்டார். காரணத்தை உங்களிடம் சொல்லிவிட்டே தொடங்க நினைக்கிறேன்.

போன ஆண்டு இன்டர்னல் தேர்வில், அடியபாட்டிக் முறையில் வாயுவை அமுக்கினால் வெப்பநிலை என்னாகும் என்று கேட்டிருந்தேன். பாதிப் பேருக்கு மேல் 'மாறாது' என்று எழுதியிருந்தார்கள். PVᵞ சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதியவர்களும் அதில் உண்டு. ஒரு மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வெப்பம் உள்ளே வரலை, வெளியேயும் போகலை. அப்புறம் எப்படி மேடம் டெம்பரேச்சர் மாறும்?" என்றாள்.

மறுநாள் சைக்கிள் பம்ப் ஒன்றைக் கொண்டுபோனேன். காற்று வரும் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக அடிக்கச் சொன்னேன். பத்துப் பதினைந்து அடிக்குப் பிறகு பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். "யாரும் அடுப்பில் வைக்கலையே, எப்படிச் சூடாச்சு?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "நான் அமுக்கின வேலைதான் மேடம்" என்றாள். Q = 0 என்றால் ΔU = −W என்று அவளே கரும்பலகையில் எழுதினாள். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் ஏன் வேண்டாம் என்பதும் அன்றே எல்லோருக்கும் விளங்கியது.

அந்தப் பேச்சு முழுக்கத் தமிழில் நடந்தது. பதினோராம் வகுப்புத் தமிழ் வழி இயற்பியல் பாடநூலில் அடியபாட்டிக்குப் பெயர் 'வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு'. ஐசோதெர்மலுக்கு 'வெப்பநிலை மாறா நிகழ்வு'. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குழம்ப இடமே இல்லை. அடியபாட்டிக் கிரேக்கச் சொல்; கடக்க முடியாதது என்று பொருள். கிரேக்கம் தெரிந்தவருக்கு அது விளக்கம், நமக்கு மனப்பாடம். உங்களில் பெரும்பாலானோர் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவர்கள். தெரிந்த பொருளையே தெரியாததாக நினைத்து நீங்கள் பின்வரிசையில் மௌனமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆங்கிலத்தை விடப்போவதில்லை. செமஸ்டர் வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் வரும், எம்.எஸ்சி.க்கான ஜாம் தேர்வும் அப்படியே. அதனால் கருத்தைத் தமிழில் பேசிப் புரிந்துகொள்வோம். வரையறை, நிறுவல், கணக்கு மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவோம். கலைச்சொல் இரண்டு மொழியிலும் பலகையில் இருக்கும். என்ட்ரோபியை மட்டும் என்ட்ரோபி என்றே சொல்வோம், பாடநூலிலும் அப்படித்தான்.

ஆங்கில வழியில் படித்தவர்களும், வீட்டில் வேறு மொழி பேசுபவர்களும் கவலைப்பட வேண்டாம். எந்தக் கருத்தையும் தமிழில் மட்டும் சொல்லி நகர மாட்டேன். இன்டர்னல் தேர்வை எந்த மொழியில் எழுதினாலும் மதிப்பெண் ஒன்றுதான். சந்தேகத்தை எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் கேளுங்கள், பாதி பாதியாகக் கலந்து வந்தாலும் சரி.

திங்கட்கிழமை வரும்போது பதினோராம் வகுப்பு இயற்பியல் இரண்டாம் தொகுதியைக் கொண்டு வாருங்கள். தமிழ் வழிப் புத்தகம் வைத்திருப்பவரும் ஆங்கில வழிப் புத்தகம் வைத்திருப்பவரும் ஒரே பெஞ்சில் உட்காருங்கள். பம்பை நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தெர்மோ மேடம்
இயற்பியல் துறை